ஃபார்ம் 16-ல் இருக்கும் பணம் 26ஏஎஸ்-ல் ஏன் காணோம்?

"சார், உங்க ஃபார்ம் 16 சரியாத்தானே இருக்கு? அதை வெச்சே ரிட்டர்ன் போட்டுடுங்க."

கம்பெனி கணக்குப் பிரிவில் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இது. சொல்பவர் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. அவர் கையில் இருக்கிற ஃபார்ம் 16-ல், அதாவது சம்பளத்தில் வரி பிடித்ததற்குக் கம்பெனி தரும் சான்றிதழில், தொகை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வருமான வரித்துறை அந்தக் காகிதத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் ரிட்டர்ன் போடும்போது ஃபார்ம் 16-ஐ இணைப்பதும் இல்லை. உங்கள் பெயரில் எவ்வளவு வரி வந்திருக்கிறது என்று பெங்களூரில் ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் மையம் பார்ப்பது 26ஏஎஸ் என்ற வருடாந்திர வரி அறிக்கைக்குப் பின்னால் இருக்கிற பதிவைத்தான். அதில் குறைவாக இருந்தால், சம்பளத்தில் பிடித்த பணத்தையே உங்களிடம் இன்னொரு தடவை கேட்பார்கள்.

இரண்டுக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது என்று புரிய, பணம் போகிற வழியைப் பார்க்க வேண்டும். கம்பெனி ஒவ்வொரு மாதமும் சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்கிறது. எல்லா ஊழியர்களுக்கும் பிடித்ததை மொத்தமாகச் சேர்த்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் ஒரே செலானில் கட்டிவிடுகிறது. மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. அந்தச் செலானில் யார் பெயரும் இருக்காது. வரி பிடிப்பதற்காகக் கம்பெனிக்குத் துறை கொடுத்த டான் எண்ணும் மொத்தத் தொகையும்தான் இருக்கும். அந்த மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது 24க்யூ என்ற காலாண்டு ரிட்டர்ன். ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு பதிவு: பான் எண், கொடுத்த சம்பளம், பிடித்த வரி, எந்தச் செலானில் கட்டியது. அந்த ஒரு பதிவுதான் உங்கள் 26ஏஎஸ்-ல் போய் உட்காருகிறது. அந்தப் பதிவு விட்டுப்போனால், அல்லது அதில் பான் தப்பானால், பணம் அரசு கஜானாவில் இருந்தாலும் உங்கள் கணக்கில் இருக்காது.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஃபார்ம் 16-ன் முதல் பகுதியை, அதாவது பகுதி ஏ-வை, கம்பெனி தானாகத் தயாரிக்கவே கூடாது. 2012-13 நிதியாண்டிலிருந்தே அதை வருமான வரித்துறையின் ட்ரேசஸ் தளத்திலிருந்து இறக்கித்தான் கொடுக்க வேண்டும். ட்ரேசஸ் அதை உருவாக்குவது அதே 24க்யூ ரிட்டர்னிலிருந்து. 26ஏஎஸ்-ம் அதே ரிட்டர்னிலிருந்துதான் வருகிறது. ஒரே கிணற்றில் இறைத்த இரண்டு குடம் தண்ணீர் மாதிரி. அப்படியானால் இரண்டுக்கும் வித்தியாசம் வரவே கூடாது, இல்லையா? வந்திருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கையில் இருக்கிற ஃபார்ம் 16-ஐத்தான். அது சம்பள சாஃப்ட்வேரிலோ எக்ஸலிலோ அடித்ததாக இருக்கலாம். அல்லது கம்பெனி அதை இறக்கிய பிறகு ரிட்டர்னைத் திருத்தியிருக்கலாம். என் அனுபவத்தில் முதல் காரணம்தான் அதிகம்.

கண்டுபிடிப்பது சுலபம். ட்ரேசஸ் பகுதி ஏ-வில் மேலே ஒரு சான்றிதழ் எண் இருக்கும். அதற்குக் கீழே காலாண்டு வாரியாக ஓர் அட்டவணை: அந்தக் காலாண்டு ரிட்டர்னின் ரசீது எண், கொடுத்த தொகை, பிடித்த வரி, கட்டிய வரி. பிடித்ததற்கும் கட்டியதற்கும் தனித்தனிக் கட்டங்கள் இருப்பதைப் பாருங்கள். சில சமயம் வித்தியாசம் ஃபார்ம் 16-க்குள்ளேயே அந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும். ரசீது எண்ணும் சான்றிதழ் எண்ணும் இல்லாத ஃபார்ம் 16 ட்ரேசஸிலிருந்து வந்ததல்ல.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நான் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவர்களில் ஒருவர், கோவையில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் வேலை. 2024-25 நிதியாண்டில் மாதச் சம்பளம் 1,15,000 ரூபாய். வருடத்துக்கு 13,80,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 13,05,000. அதற்கு வரி 1,01,000, செஸ் 4,040, ஆக 1,05,040 ரூபாய். கம்பெனி மாதம் 8,750 வீதம் பிடித்து, மார்ச்சில் மட்டும் 40 ரூபாய் கூடப் பிடித்துக் கணக்கை நேர் செய்தது. சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 இரண்டிலும் 1,05,040. 26ஏஎஸ்-ல் 78,790. குறைவு 26,250. அது சரியாக மூன்று மாதத் தொகை.

அறிக்கையைத் திறந்து பார்த்ததும் இடம் தெரிந்துவிட்டது. வருமான வரி தளத்தில் `e-File`, அதில் `Income Tax Returns`, அதில் `View Form 26AS` என்று போனால் ட்ரேசஸ் பக்கம் திறக்கும். அதில் கம்பெனியின் டான் எண் இருக்கும் வரிசையை விரித்தால் மாதவாரியாகப் பதிவுகள் வரும். இவருக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இருந்தது, ஜனவரி முதல் மார்ச் வரை இருந்தது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மட்டும் சுத்தமாக இல்லை. வரி மட்டுமல்ல, அந்த மூன்று மாதச் சம்பளமான 3,45,000 ரூபாயும் பதிவில் இல்லை.

இருக்கிற பதிவுகளிலும் ஒரு கட்டத்தைப் பார்க்க வேண்டும். `Status of Booking` என்ற கட்டத்தில் `F` என்று இருந்தால் செலானும் ரிட்டர்னும் பொருந்திவிட்டன, பணம் உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். `U` என்றால் ரிட்டர்னில் உங்கள் பதிவு இருக்கிறது, ஆனால் அதற்கான செலான் பொருந்தவில்லை. வங்கிக் கிளையின் பிஎஸ்ஆர் எண்ணையோ செலான் எண்ணையோ தேதியையோ தப்பாகப் போட்டிருக்கலாம், பணம் கட்டாமலே இருந்திருக்கலாம். `O` என்றால் செலானில் இருக்கிற தொகையைவிட அதிகமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இவருக்கு இருந்த பதிவுகள் எல்லாமே `F`. ஆக, செலான் பிரச்சினை என்று நினைக்க இடமில்லை.

அடுத்தது பக்கத்து மேஜைக்காரரைக் கேட்பது. நான் எல்லோரிடமும் சொல்வேன், கணக்குப் பிரிவுக்குப் போவதற்கு முன் உடன் வேலை செய்கிற ஒருவருடைய 26ஏஎஸ்-ஐ ஒரு நிமிடம் பாருங்கள் என்று. அவருக்கும் அதே காலாண்டு இல்லையென்றால், கம்பெனி அந்த ரிட்டர்னையே போடவில்லை அல்லது பணமே கட்டவில்லை. அது பெரிய விவகாரம். அவருக்கு `F` என்று வந்திருந்தால், செலானும் கட்டியாயிற்று, ரிட்டர்னும் போட்டாயிற்று, உங்கள் பதிவில் மட்டும்தான் கோளாறு. கோவைக்காரருக்கு இரண்டாவதுதான். நண்பருடைய மூன்றாம் காலாண்டு ஒழுங்காக இருந்தது.

பிறகு விசாரித்ததில் நடந்தது தெரிந்தது. அக்டோபரில் அவருக்குப் பதவி உயர்வு. சாஃப்ட்வேரில் புது ஊழியர் எண் போட்டார்கள், பான் கட்டம் காலியாக இருந்துவிட்டது. பான் இல்லாத பதிவை ரிட்டர்னில் சேர்த்தால் 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்று கம்பெனி மேல் நோட்டீஸ் வரும். அதனால் ரிட்டர்ன் தயாரித்தவர், "அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று அந்த ஒரு பதிவை ஒதுக்கிவைத்துவிட்டு ஜனவரி 31 கெடுவுக்கு மற்றதை ஏற்றிவிட்டார். அடுத்த காலாண்டில் பான் சேர்ந்தது, ஒதுக்கிவைத்த பதிவு நினைவில் இல்லை. செலானில் அவருக்கான 8,750 ரூபாய் மூன்று மாதத்திலும் யாருக்கும் பிரிக்காமல் மிச்சமாகக் கிடந்தது. ஜூனில் ஃபார்ம் 16 கொடுக்கும்போது ட்ரேசஸிலிருந்து இறக்கியிருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். சாஃப்ட்வேரிலிருந்து அடித்துக் கொடுத்ததால் முழுத் தொகையும் அழகாக வந்துவிட்டது.

இன்னொரு வகையும் அடிக்கடி பார்க்கிறேன். பானில் இரண்டு எண்கள் இடம் மாறிவிடும். அப்படி மாறின எண் வேறொருவருக்குச் சொந்தமானதாக இருந்தால், உங்கள் வரி அவர் கணக்கில் போய் `F` என்று உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இதுவும் பதிவு விட்டுப்போனதும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் கம்பெனிக்கு எழுதும்போது "சேர்க்கவில்லை" என்று அடித்துச் சொல்லாமல், இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சரி, எப்படி எழுதுவது? வாய்மொழியாகச் சொன்னால் வேலை நடக்காது. காரணம் எளிது: உங்களிடம் பேசுபவர் ரிட்டர்ன் போடுபவரல்ல. அது பெரும்பாலும் வெளியே இருக்கிற ஆடிட்டர் அலுவலகத்தில் நடக்கிறது. உங்கள் மின்னஞ்சல் அங்கே அப்படியே அனுப்பப்படும் என்று நினைத்து எழுதுங்கள். "26ஏஎஸ்-ல் டிடிஎஸ் குறைவாக வருகிறது, சரிசெய்யவும்" என்று எழுதினால் ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒன்றும் விளங்காது. கோவைக்காரர் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்:

"என் பான் இது, ஊழியர் எண் இது. 2024-25 மூன்றாம் காலாண்டு 24க்யூ ரிட்டர்னில் என் பதிவு இல்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் தலா 1,15,000 சம்பளம், தலா 8,750 டிடிஎஸ், மொத்தம் 26,250. சம்பளச் சீட்டுகள் மூன்றும், இன்றைய தேதியில் இறக்கிய 26ஏஎஸ்-ம் இணைத்திருக்கிறேன். என் பதிவு விடுபட்டிருக்கிறதா, பான் தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, திருத்த ரிட்டர்ன் தாக்கல் செய்து, அதன் ரசீது எண்ணைத் தெரிவிக்கவும். அதன் பின் ட்ரேசஸிலிருந்து புதிய ஃபார்ம் 16 தரவும்."

கடைசியில் ரசீது எண் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். "பண்ணிட்டோம் சார்" என்ற வார்த்தைக்கும் உண்மையில் பண்ணியதற்கும் நடுவில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

கம்பெனி தயங்கினால் சொல்ல ஒரு நல்ல பதில் உண்டு. ரிட்டர்னைத் தாமதமாகப் போட்டால்தான் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். நேரத்தில் போட்ட ரிட்டர்னில், நேரத்தில் கட்டிய பணத்துக்கு ஒரு பதிவைச் சேர்ப்பதற்கு அந்தக் கட்டணம் கிடையாது. திருத்தம் என்றாலே அபராதம் என்று பயந்து தள்ளிப்போடுகிற கணக்காளர்களைப் பார்த்திருக்கிறேன். பணத்தையே தாமதமாகக் கட்டியிருந்தால் மட்டும் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி வரும். அது திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் வரத்தான் போகிறது.

அவர்கள் பக்கத்தில் வேலை ஒரு மணி நேரம்கூட ஆகாது. டிஜிட்டல் கையெழுத்து இருந்தால் ட்ரேசஸ் தளத்திலேயே திருத்தலாம். இல்லையென்றால் அந்தக் காலாண்டின் ஒருங்கிணைந்த கோப்பை இறக்கி, அதில் பதிவைச் சேர்த்து, சரிபார்த்து, திரும்ப ஏற்ற வேண்டும். தப்பான பான் என்றால் பானை மட்டும் மாற்றுவார்கள். நாலாம் காலாண்டு ரிட்டர்னில் முழு வருடச் சம்பளமும் வரியும் தனி இணைப்பாகப் போகும். அதில் இவருக்கு 1,05,040 என்று ஏற்கெனவே சரியாக இருந்ததால் அதைத் தொடவில்லை. உங்களுக்கு அதிலும் குறைந்திருந்தால் அந்தக் காலாண்டையும் திருத்தச் சொல்ல வேண்டும். திருத்த ரிட்டர்ன் ஏறினவுடன் 26ஏஎஸ் மாறிவிடாது. துறை அதைப் பரிசீலித்து முடித்த பிறகுதான் மாறும், பொதுவாகச் சில நாட்கள் ஆகும்.

சிலர் கம்பெனியிடம் போகாமல் ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையில் ஆட்சேபம் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதனால் டிடிஎஸ் தொகை கூடாது. திருத்த ரிட்டர்ன் போடும் அதிகாரம் பிடித்தவருக்கு மட்டுமே உண்டு. வருமான வரி அதிகாரிகூட உங்கள் 26ஏஎஸ்-ல் ஒரு பதிவைச் சேர்க்க முடியாது.

இதற்கிடையில் உங்கள் ரிட்டர்ன் கெடு வந்துவிட்டால்? 2024-25-க்கு அந்த ஆண்டு கெடு 2025 செப்டம்பர் 16 வரை நீண்டதால் கோவைக்காரருக்கு நேரம் கிடைத்தது. ஆகஸ்டில் 26ஏஎஸ் சரியானது, அப்புறம்தான் ரிட்டர்ன் போட்டோம். அவ்வளவு நேரம் இல்லாதவர்கள் கெடுவைத் தவறவிடக் கூடாது. முழுச் சம்பளத்தையும் காட்டி, பிடித்த முழு டிடிஎஸ்-ஐயும் கோரி, ரிட்டர்னைப் போட்டுவிட வேண்டும். தளம் தானாக நிரப்பித் தருகிற தொகையை மாற்ற முடியும். இங்கே செய்யக் கூடாதது ஒன்று இருக்கிறது. 26ஏஎஸ்-ல் சம்பளமும் குறைவாகத்தானே இருக்கிறது, இரண்டையும் அதன்படியே போட்டுவிட்டால் பொருந்திவிடும் என்று ஒரு யோசனை வரும். பொருந்தும்தான், ஆனால் அது வருமானத்தை மறைத்தது ஆகிவிடும். கம்பெனி பிறகு திருத்தும்போது அந்த 3,45,000 வெளியே வரும்.

முழுத் தொகையைக் கோரினால், பதிவில் 78,790 மட்டும் இருக்கும் நிலையில் ரிட்டர்னைப் பரிசீலித்த பிறகு துறை அனுப்பும் 143(1) பிரிவு அறிவிப்பில் மீதி 26,250-ஐக் கட்டச் சொல்லி வரும். அதன் மேல் வட்டியும் சேரும். வரியில் 90 சதவீதம்கூட முன்கூட்டிக் கட்டவில்லை என்று கணினி எடுத்துக்கொள்வதால், ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீதம், ஏறக்குறைய 262 ரூபாய் வீதம் ஏறும். பயந்து கட்டிவிடாதீர்கள். தளத்தில் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை என்று பதில் கொடுத்துவிட்டு, கம்பெனி திருத்தியதும் `Rectification` பகுதியில் `Tax credit mismatch correction` என்பதைத் தேர்ந்து மனுப் போட்டால், அசலும் வட்டியும் சேர்ந்தே நீங்கும். இந்தத் திருத்த மனுவுக்கு, அறிவிப்பு வந்த நிதியாண்டு முடிந்ததிலிருந்து நான்கு ஆண்டு அவகாசம் உண்டு.

இதுவரை சொன்னது பணம் கட்டியிருக்கிற கம்பெனிகளைப் பற்றி. பிடித்துவிட்டுக் கட்டவே இல்லை என்றால், அல்லது கம்பெனியே மூடிவிட்டது என்றால், திருத்த ரிட்டர்ன் கேட்டுப் பயனில்லை. அப்போது 1961 வருமான வரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவுதான் பிடிமானம். சம்பளத்தில் பிடித்துவிட்ட அளவுக்கு ஊழியரிடம் நேரடியாக வரி கேட்கக் கூடாது என்கிறது அது. கட்டாதது கம்பெனியின் குற்றம், அதை வசூலிக்க வேண்டியது கம்பெனியிடம். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015-லும் 2016-லும் தன் அதிகாரிகளுக்கு இதையே எழுதியது. அப்படியும் கோரிக்கை நிலுவையில் நிற்கும், அடுத்த வருட ரீஃபண்டிலிருந்து கழித்துக்கொள்வார்கள். அப்படிக் கழிப்பதும் மறைமுகமாக வசூலிப்பதுதான், செல்லாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்தப் பாதுகாப்பு கிடைக்க, பிடித்ததை நிரூபிக்க வேண்டும். கையால் அடித்த ஃபார்ம் 16 மட்டும் போதாது. பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளும், பிடித்தம் போக மீதிச் சம்பளம் வங்கியில் விழுந்ததைக் காட்டும் கணக்குப் பட்டியலும் வேண்டும். 1,15,000-க்கு 1,06,250 வந்திருக்கிறது என்றால் 8,750 எங்கே போனது என்ற கேள்விக்கு அந்த இரண்டும் சேர்ந்துதான் பதில் சொல்லும். கம்பெனியிலிருந்து விலகின பிறகு சம்பளச் சீட்டு எடுக்க அவர்கள் தளத்துக்குள் நுழைய முடியாது. அதனால் மாதா மாதம் இறக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த வழி எளிது. இவற்றோடு உங்கள் வட்டார வருமான வரி அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். பிடித்துக் கட்டாத கம்பெனி மேல் துறையின் டிடிஎஸ் பிரிவுக்குத் தனியாகப் புகார் எழுத வேண்டும்.

காலக் கெடு ஒன்றும் இப்போது சுருங்கியிருக்கிறது. முன்பெல்லாம் எத்தனை வருடம் கழித்தும் கம்பெனி திருத்த ரிட்டர்ன் போடலாம். 2025 ஏப்ரலிலிருந்து ஆறு ஆண்டு என்று வரம்பு வந்தது. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டம் அதை இரண்டு ஆண்டாக்கியிருக்கிறது. எண்ணுவது ரிட்டர்ன் போட வேண்டியிருந்த நிதியாண்டின் முடிவிலிருந்து. கோவைக்காரருடைய மூன்றாம் காலாண்டு ரிட்டர்ன் 2025 ஜனவரியில் போட வேண்டியது, ஆகவே அதைத் திருத்த 2027 மார்ச் 31 கடைசி. அதே வருடத்தின் நாலாம் காலாண்டு 2025 மே மாதம் போட வேண்டியது என்பதால் அதற்கு 2028 மார்ச் 31 வரை இருக்கிறது.